தாத்தா படம் இல்லாதவை போலி

போலிச் சீயக்காய்த் தூள் விற்றதாகத் தங்கபுஷ்பம் ஒருநாள் பிடிபட்டாள். அதுவும் தன் சொந்தக் கம்பெனித் தூளையே, மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில், பட்டப்பகலில். பிடித்தவள் ஒரு மீன்காரி. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் கூட்டிச் சொல்லுவேனே தவிர, குறைத்துச் சொல்லமாட்டேன்.

எழுபத்திரண்டாம் வருஷம் என்று நினைவு. எங்கள் பக்கத்து வீடு அவர்களுடையது. மாமனார் சிதம்பரநாதன் வாலிபத்தில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு மூட்டை சீயக்காயோடு ரயிலேறி வந்தவர். அந்த மூட்டையிலிருந்து கிளம்பியதுதான் ‘சிதம்பரநாதன் சீயக்காய்த் தூள்’. மஞ்சள் அட்டைப்பெட்டி, அதன் முகப்பில் அவருடைய படம். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ‘மீசைத்தாத்தா பொடி’ என்றால்தான் கடைக்காரன் எடுத்துக் கொடுப்பான். மீசையும் அப்படி. கோயில் வாசலில் அவர் சற்று நேரம் அசையாமல் நின்றால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குருவிகள் வந்து உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போகும். படத்தில் அந்த மீசைக்கு மேல் இரண்டு கண்கள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கூடவே வரும் கண்கள்.

மூத்த பிள்ளை வெள்ளைச்சாமி தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்துப் பெரிய மனிதராகிவிட்டார். இளையவர் சண்முகவேலுக்குத்தான் பொடிக் கம்பெனி. அவருக்கு ஒரு குறை. சீயக்காய் வாசனை பட்டால் தும்முவார். ஈக்காட்டுத்தாங்கலில் இருந்த மில்லுக்குள் ஒருமுறை கால்வைத்து அவர் போட்ட தும்மலில் கிண்டி ரேஸ் குதிரைகள் மிரண்டன என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை, விடுங்கள். அதனால் அவர் வீட்டிலிருந்தபடி கணக்கு எழுதினார். மில்லை அவர் மனைவி நடத்தினாள்.

அவள்தான் தங்கபுஷ்பம். காலையில் சமையலை முடித்துவிட்டு, மில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறுவாள். அங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சீயக்காயைத் தட்டி விதை நீக்குவார்கள். விதை சேர்ந்தால் பொடி பிசுபிசுக்கும் என்பாள். வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, வெயிலில் சருகாகக் காய்ந்த எலுமிச்சைத் தோல், எல்லாம் அவள் கண்ணளவு. சாயங்காலம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கினால், தெருமுனையில் இருக்கும்போதே எங்கள் வீட்டுக்குள் வாசனை வந்து சேரும்.

அந்த மில்லுக்குத்தான் அப்போது ஆபத்து. கடைகளில் ஷாம்பு பாட்டில் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டது. மீசைத்தாத்தா ஒவ்வொரு தட்டாகக் கீழே இறங்கி, கடைசியில் துடைப்பத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தார். வெள்ளைச்சாமி வந்து அப்பாவிடம் பேசினார். மில்லை மூடிவிட்டுப் புடவை கோடவுன் ஆக்கலாம் என்றார். பெரியவர் மூத்த பிள்ளை சொல்லைத் தட்டாதவர். தீபாவளி வரைக்கும் பார்ப்போம், எண்ணெய்க்குளியல் சமயத்திலும் விற்காவிட்டால் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். வெள்ளைச்சாமி போகிற போக்கில் தம்பி மனைவியிடம், தீபாவளி முடிந்ததும் சாவிக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் அன்று எங்கள் வீட்டுக்கு வந்து, என் அம்மியில் தேங்காயை வைத்துக்கொண்டு வெகுநேரம் அரைத்தாள். அது எங்கள் தேங்காய். அவளுக்கு அது வேண்டியதில்லை. கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

சண்முகவேல் மவுண்ட் ரோட்டிலிருந்து ராஜகோபாலன் என்ற விளம்பரக்காரரைக் கூட்டி வந்தார். டை கட்டிய மனிதர். டையைத் தொடாமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி சரியான கேள்விதான். வயசுப் பெண்கள் ஏன் வாங்குவதில்லை என்று யாராவது அவர்களையே கேட்டீர்களா என்றார். யாரும் கேட்டதில்லை. வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்று தி. நகரில் இருந்தது. ஆண்களை வாசல் தாண்டி விடமாட்டார்கள். அதனால் தங்கபுஷ்பம் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் ஈரத்தலையோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மீசைத்தாத்தா பொடியா, ரொம்ப நல்ல பொடியாயிற்றே, எங்கள் பாட்டி அதைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாள் என்று ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் சொன்னார்கள். அவ்வளவு மரியாதையாக அவளை யாரும் அடித்ததில்லை. பிறகு மெல்ல மெல்லக் குறைகள் வந்தன. சீப்பில் திப்பி வருகிறது. பெரிய பெட்டியாக வாங்கினால் விடுதியின் ஈரத்தில் கட்டி தட்டிப்போகிறது. அதெல்லாம் சலித்துவிடலாம், சின்னதாகக் கட்டிவிடலாம் என்று தங்கபுஷ்பம் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். ஆனாலும் எதையோ அந்தப் பெண்கள் விழுங்குகிறார்கள் என்று எனக்குப் பட்டது. பாங்கியில் வேலை பார்க்கும் தேவானை என்ற பெண்தான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

“தப்பா நினைக்காதீங்க அக்கா. குளிக்கிற இடத்துல மாடத்துல பெட்டிய வெச்சா, அந்தத் தாத்தா பாக்கறாரு.”

முற்றம் முழுவதும் சிரிப்பு. எல்லாருக்கும் அதே கதைதான். ஒருத்தி பெட்டியின்மேல் துண்டைப் போட்டு மூடுவாளாம். ஒருத்தி சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாளாம். திருப்பினாலும் அங்கே இருக்கிறார் என்று தெரிகிறதே என்றாள் இன்னொருத்தி. ஷாம்பு பாட்டிலில் யாரும் இல்லை, நிம்மதியாகக் குளிக்கலாம், அவ்வளவுதான் விஷயம். கேட்டுக்கொண்டிருந்த தங்கபுஷ்பத்தின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தாத்தா அவளுக்கு மாமனார் அல்லவா.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அவர்கள் வழக்கத்தில் மருமகள் மாமனாரோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. சாப்பாடு ஆகிவிட்டது என்பதைத் தூணிடம் சொல்லுவாள். தூண் கேட்டுக்கொண்டு அவர் எழுந்து வருவார். கலியாணமான நாளிலிருந்து அப்படித்தான். அப்படிப்பட்டவள் இந்த விஷயத்தை எந்தத் தூணிடம் போய்ச் சொல்லுவாள்? புருஷனிடம்கூடப் பாதிதான் சொன்னாள். படம் பழசாகத் தெரிகிறதாம், இந்தக்காலப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லையாம் என்று. ராஜகோபாலன் டையைத் தொட்டார். படத்தை எடுத்துவிடுவோம் என்றார்.

எடுத்தார்கள். பெரியவரிடம் சொல்லவில்லை. அப்போதுதான் ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தது, இன்னொன்று பாக்கி. அவர் அறையில் பழைய பெட்டி ஒன்றை வைத்துவிட்டார்கள். புதுப் பெட்டி இளம்பச்சை. முகப்பில் ஒரு பெண் முதுகு தெரியக் கூந்தலை அவிழ்த்து விட்டுக்கொண்டு நிற்பாள். தூளும் மாறியது. மில்லில் மெல்லிய துணியில் இரண்டாம் தரம் சலிக்கச் சொல்லி, திப்பி என்ற பேச்சே இல்லாமல் செய்துவிட்டாள் தங்கபுஷ்பம். அச்சகத்திலிருந்து மாதிரிப் பெட்டி வந்ததும் புருஷன், மனைவி, ராஜகோபாலன் மூன்று பேரும் முகப்பைப் பார்த்தார்கள், ஆகா என்றார்கள், கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். பெட்டிகள் கடைகளுக்குப் போயின.

அந்த வாரம்தான் நாங்கள் தெற்கு மாட வீதிக்குக் காய்கறி வாங்கப் போனோம். சுயம்புலிங்கம் அண்ணாச்சி கடையில் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள் தங்கபுஷ்பம். அண்ணாச்சி ஏதோ வேலையாக உள்ளே இருந்தார். வாசலில் மீன்காரக் குப்பம்மா, காலிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பச்சைப் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். வாரந்தவறாமல் மீசைத்தாத்தா பொடி வாங்குகிறவள். உப்புக்காற்றில் நாள் முழுக்க நிற்கிற தலைக்கு அதுதான் கேட்கும் என்பாள். தங்கபுஷ்பம் ஆசையாகப் பக்கத்தில் போய், இது அதே பொடிதான், பெட்டிதான் புதுசு, தைரியமாக வாங்கலாம் என்று சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

“நீ யாரும்மா சொல்றதுக்கு? தாத்தா எங்க?”

தாத்தா படத்தை எடுத்துவிட்டோம் என்றாள் இவள்.

“எட்த்துட்டியா? டுப்ளிகேட் போட்டுகினு, வந்து கடை வாசல்லயே நின்னுகினு, எங்கிட்டயே சொல்றியா? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா? ஏ, படிச்ச அம்மா, இத்தப் படி.”

பெட்டி என் கையில் வந்து விழுந்தது. நான் படித்தேன். பக்கவாட்டில், சின்ன எழுத்தில், சுத்தமான தமிழில் அச்சிட்டிருந்தது: ‘தாத்தா படம் பார்த்து வாங்கவும். தாத்தா படம் இல்லாதவை போலி.’

அச்சகக்காரன் முகப்புப் படத்தின் பிளாக்கை மட்டும் மாற்றியிருக்கிறான். பக்கவாட்டு வாசகம் காலங்காலமாக அச்செழுத்துக் கோத்தபடியே இருந்தது; அதை அப்படியே ஏற்றிவிட்டான். அவனைக் குறை சொல்லி என்ன? கையெழுத்துப் போட்ட மூன்று பேருக்கும் அந்த வரி வெகுநாள் பழக்கம். வீட்டுச் சுவரில் இருக்கும் ஆணி மாதிரி, கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், யாரும் பார்க்கமாட்டார்கள். குப்பம்மா மாதிரிப் படிக்கத் தெரியாதவர்களுக்குத்தான் அது மனப்பாடம். ஏமாறாதே, படத்தைப் பார், படத்தைப் பார் என்று கம்பெனியே சொல்லிக்கொடுத்து வளர்த்த பிள்ளைகள் அவர்கள். இன்று படத்தைக் காணோம் என்றால் விடுவார்களா?

குப்பம்மா தங்கபுஷ்பத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்; கூட்டம் கூடிவிட்டது. தங்கபுஷ்பம் இது எங்கள் கம்பெனி என்று சொல்லச் சொல்ல, திருடிகள் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். இடுப்புச் சாவியைக் காட்டினாள். சாவி யாரிடம்தான் இல்லை? அண்ணாச்சி வெளியே ஓடிவந்து, இவர் தாத்தாவின் மருமகள்தான் என்று சத்தியம் செய்த பிறகே குப்பம்மா அவள் முந்தானையை விட்டாள். அப்போதும் சமாதானமாகவில்லை.

“மருமவளா? அப்ப மாமனார் மூஞ்சியக் கிழிச்சிப் போட்டவ நீதானா?” என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நாங்கள் கிளம்பும்போது அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: பழைய வாடிக்கை தொடமாட்டேன் என்கிறது, புது வாடிக்கைக்கோ இப்படி ஒரு பெட்டி வந்திருப்பதே தெரியாது, நான் யாருக்கு விற்பேன்?

மற்றக் கடைகளும் அதையே சொல்லிப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பின. பெட்டியில் போட்டிருந்த விலாசம் மில் இல்லை, வீடு. கட்டை வண்டியிலும் ரிக்‌ஷாவிலுமாக வந்து சேர்ந்து, கூடத்தில் கூரை வரைக்கும் ஏறியது பச்சை மலை. தீபாவளி கிட்டத்தில் வந்துவிட்டது. வெள்ளைச்சாமி ஆள் அனுப்பி மில்லின் நீள அகலத்தை அளந்துகொண்டு போனார்.

பெரியவர் பகல் தூக்கம் கலைந்து கூடத்துக்கு வந்தார். ஒற்றைக் கண்ணால் மலையைப் பார்த்தார். ஒரு பெட்டியை எடுத்தார். திருப்பினார். கவிழ்த்தார். எங்கேயும் தன்னைக் காணவில்லை. மகனைக் கூப்பிட்டார்.

“எம் மூஞ்சி என்னலே பாவம் செஞ்சுது?”

சண்முகவேலுக்குத் தும்மல்தான் வந்தது. மலையளவு பொடி பக்கத்தில் இருக்க வேறு என்ன வரும்? தும்மிக்கொண்டே ஃபாஷன் என்றார், ஷாம்பு என்றார். பெரியவர் அசையவில்லை. மருமகள் சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள். நான் மோர் கடன் கேட்க வந்தவள், போகவும் மனமில்லாமல் நிற்கவும் முறையில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். போயிருந்தால் உங்களுக்கு இந்தக் கதை ஏது?

தங்கபுஷ்பம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாமனாரைப் பார்க்கவில்லை. பெட்டி மலையைப் பார்த்துச் சொன்னாள்.

“வயசுப் பிள்ளைக குளிக்கையில மாமா பாத்துக்கிட்டு நிக்காவன்னு வெக்கப்படுதாளுவ. அதான் எடுத்தோம். மாமா மூஞ்சி ஒரு பாவமும் செய்யல.”

சண்முகவேல் தும்மலை நடுவில் நிறுத்திவிட்டார். பெரியவர் கையிலிருந்த பெட்டியை மெல்ல மலையில் வைத்தார். அவர் யார் தெரியுமா? பெண்டுகள் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்றால் சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாக வீட்டுக்கு வருகிறவர். மைத்துனி எதிரே வந்தால் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பவர்.

“இத்தன வருசமாவா?” என்றார் கடைசியில், அவரும் பெட்டிகளிடம்தான். “எத்தன வீட்லட்டி?”

பெட்டிகள் பதில் சொல்லவில்லை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலக் காபிக்கு வரவில்லை. தூணிடம் சொல்லியும் வரவில்லை. மறுநாள் காலை குளித்து, விபூதி பூசி, கோயிலுக்குப் போகிற சரிகை வேட்டியோடு வந்து, போட்டோக்காரனைக் கூப்பிடு என்றார்.

போட்டோக்காரர் கேமராவை நிறுத்தினார். பெரியவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஐயா, கேமரா இந்தப் பக்கம் இருக்கிறது என்றார் போட்டோக்காரர். தெரியும் என்றார் பெரியவர். குடுமியை அவிழ்த்துவிட்டார். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. எண்பதை நெருங்கியவருக்கு இடுப்பு வரைக்கும் வெள்ளை வெளேர் என்று, பட்டு நூல் மாதிரிக் கூந்தல். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து தன் பொடியைத் தவிர வேறொன்று படாத தலை. ஊரெல்லாம் மீசையைக் காட்டி முடிக்குப் பொடி விற்றிருக்கிறது இந்தக் கம்பெனி. மீசையும் போகவில்லை. அது எந்தக் காலத்தில் ஒரு முகத்துக்குள் அடங்கியது? பின்னாலிருந்து பார்த்தாலும் இரண்டு பக்கமும் நுனி தெரிந்தது.

பழைய மஞ்சள் பெட்டியே திரும்ப வந்தது. முகப்பில் முகம், கடைக்காரருக்கும் குப்பம்மாவுக்கும். பின்பக்கத்தில் முதுகு, குளிக்கிறவர்களுக்கு. திருப்பி வைத்தால் தாத்தாவும் திரும்பிக்கொள்வார். பெட்டிக்குள் பொடி மொத்தமாக இல்லாமல், ஒரு தலைக்கு ஒன்றாக மெழுகுத்தாள் பொட்டலங்கள். விடுதிப் பெண் ஒன்றை மட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம், ஈரம் ஏறாது. பொட்டலத்தின்மேல் முதுகு மட்டும். பக்கவாட்டு வாசகத்தை இந்தமுறை மூன்று பேரும் விரல் வைத்துப் படித்தார்கள்: ‘முன்னும் பின்னும் தாத்தா படம் பார்த்து வாங்கவும்.’ ராஜகோபாலன் இதைத்தான் முதலிலிருந்தே மனதில் வைத்திருந்ததாகச் சொன்னார். டையைத் தொட்டுக்கொண்டு சொன்னார், யாரும் மறுக்கவில்லை.

சினிமாக் கொட்டகையில் இடைவேளை ஸ்லைடுக்கு அவர் இரண்டு வரி எழுதியிருந்தார்: ‘தாத்தா திரும்பிக்கொண்டார். நீங்கள் குளிக்கலாம்.’ பெரியவர் இரண்டாவது வரியை அடித்துவிட்டார். முதல் வரி மட்டும் திரையில் வந்தது. நான் தி. நகரில் ஒரு கொட்டகையில் இருந்தேன். ஏன் திரும்பிக்கொண்டார் என்று பெஞ்சு டிக்கெட்டுக்காரர்கள் கேட்க, பெண்கள் பக்கத்தில் குபீரென்று ஒரு சிரிப்புக் கிளம்பியது. பெண்களுக்குக் காரணம் தெரியும், ஆண்களுக்குத் தெரியாது. இதைவிட நல்ல விளம்பரத்தை எந்த மவுண்ட் ரோட்டிலும் விலைக்கு வாங்க முடியாது. தேவானை தன் பாங்கிக்கே ஒரு பெட்டி வாங்கிப் போய்ப் பங்கு வைத்தாள். பாட்டி பொடி என்று சொன்ன வாய்கள் எல்லாம், எங்கள் தாத்தா என்று சொந்தம் கொண்டாட ஆரம்பித்தன. குப்பம்மா பெட்டியை இரண்டு பக்கமும் பார்த்தாளாம். முகம் இருக்கிறது, சரி, முதுகு எதற்கு என்று கேட்டாளாம். அண்ணாச்சி காதோடு சொல்ல, அவள் சிரித்த சிரிப்பில் கோயில் குளத்துப் படியில் இருந்த புறாவெல்லாம் பறந்துவிட்டது. தனக்கு ஒரு வெட்கமும் கிடையாது, முகமே போதும் என்று சொல்லிவிட்டாளாம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வெள்ளைச்சாமி தாமே காரில் ஈக்காட்டுத்தாங்கல் போனார். எந்தச் சுவரை இடிப்பது என்று பார்க்கத்தான். மில் வாசலைச் சரக்கு ஏற்ற வந்த லாரி அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே போகச் சந்து இல்லை. கூட்டி வந்திருந்த கட்டட மேஸ்திரியோடு அவர் வெயிலில் காத்து நின்றார். தங்கபுஷ்பம் முழங்கை வரைக்கும் பொடியோடு வெளியே வந்தாள். இதை மறுநாள் அவளே எனக்கு நடித்துக் காட்டினாள். வெள்ளைச்சாமியாக நடிக்கும்போது வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டாள்.

தம்பி மனைவியிடம் நேராகத் தோற்றுப்போக அவருக்கும் வழக்கம் இல்லை. லாரியைப் பார்த்துக்கொண்டு, கடையில் தீபாவளிப் புடவை வாங்குகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் இனாமாகக் கொடுக்கலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். நம் வீட்டுச் சரக்குதானே, நாளைக்கே ஒரு வண்டி அனுப்பிவிடு என்றார்.

“அனுப்புதேன் பெரியத்தான்,” என்றாள் அவள். “சரக்குக்கு ஆளு வரிசையில நிக்காவ. நம்ம ஏஜெண்டு லூர்துசாமிகிட்ட பேர் குடுத்துட்டுப் போங்க. முறை வரும்போது வரும்.”

வெள்ளைச்சாமி மேஸ்திரியைக் காரில் உட்காரச் சொல்லிவிட்டு, லூர்துசாமி எங்கே இருப்பான் என்று விசாரித்துக்கொண்டு போனார்.